பத்தாயிரம் பேர் நிற்கிறார்கள், ஆனால் ஏன் படையாகத் தெரியவில்லை?

ஏட்டுச்சுவடி | மார்ச் 4, இரவு 10.15

நேற்று ஒரு சரித்திரப் படம் பார்த்தேன். பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். கோட்டைக்கு வெளியே பத்தாயிரம் வீரர்கள், மேலிருந்து ஒரு ஷாட், முழங்கும் இசை. எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. தரையில் எறும்பு ஊர்வதைப் பார்த்தது போல இருந்தது.

இதே நான் ‘காந்தி’ படத்தின் இறுதி ஊர்வலத்தை எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு அடைத்துப்போகிறேன். ‘கிளாடியேட்டர்’ படத்தில் கொலோசியம் அரங்கம் நிரம்பி வழியும்போதும் அப்படித்தான். என் கட்சி இதுதான்: உண்மையான மனிதர்களை நிறுத்தினால் பிரமாண்டம் வரும், கணினியில் வரைந்தால் வராது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கடற்குதிரை | மார்ச் 4, இரவு 10.52

மறுக்கிறேன். எல்லாமே லென்ஸ். நீண்ட குவியத்தூர லென்ஸைப் போட்டால் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனோடு ஒட்டிக்கொள்வான், ஐம்பது பேர் ஐந்நூறு பேராகிவிடுவார்கள். நீங்கள் பார்த்த படத்தில் அகல லென்ஸைப் போட்டிருப்பார்கள், அதுதான் கோளாறு.

நாணல் | மார்ச் 5, காலை 6.30

ஏட்டுச்சுவடி, உங்கள் இரண்டு உதாரணங்களில் ஒன்று உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. ‘கிளாடியேட்டர்’ படத்துக்காக மால்டாவில் கட்டப்பட்டது அரங்கத்தின் ஒரு பகுதிதான், அதுவும் கீழடுக்கு மட்டும். மேலே தெரியும் அடுக்குகள் கணினியில் வந்தவை. அரங்கில் உட்கார்ந்திருந்த உண்மையான மனிதர்கள் ஏறக்குறைய 2,000 பேர். மற்ற முப்பதாயிரத்துச் சொச்சம் பேரும் கணினி வேலை. 2000-இல் வந்த படம் அது. இத்தனை வருடமாக அதைப் பார்த்து நெஞ்சடைத்திருக்கிறீர்கள் என்றால், உண்மை மனிதர் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கடற்குதிரை சொல்வதில் பாதி சரி. லென்ஸை மாற்றுவதால் மட்டும் ஆட்கள் ஒட்டிக்கொள்வதில்லை. நீண்ட லென்ஸைப் போட்டால் கேமராவைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தூரம்தான் ஒட்டவைக்கிறது. கேமராவை நகர்த்தாமல் லென்ஸை மட்டும் மாற்றிப் பாருங்கள். முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் உள்ள அளவு விகிதம் மாறவே மாறாது.

கூட்டத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது வேறொன்று. கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

ஏட்டுச்சுவடி | மார்ச் 5, காலை 8.05

கொலோசியம் விஷயம் தெரியாது. என் கட்சியில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். காந்தி மீதி இருக்கிறார்.

உயரம் ஏன் என்று விளக்குங்கள் நாணல்.

இளந்தளிர் | மார்ச் 5, பகல் 1.20

எனக்கும் இது பயன்படும். நாங்கள் மேடை நாடகம் போடுகிறோம், நாற்பது பேர் இருக்கிறோம், ஒரு போர்க்காட்சி வருகிறது. எந்த லென்ஸ் வாங்கலாம்?

கடற்குதிரை | மார்ச் 5, பகல் 1.34

மேடை நாடகத்துக்கு லென்ஸ் எதற்கு நண்பரே? பார்வையாளர்களின் கண்ணுக்கு மாட்டுவீர்களா?

நாணல் | மார்ச் 5, இரவு 9.40

நான் பல வருடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தவன். கூட்டத்தை நிறுத்துவது, நகர்த்துவது, சோறு போட்டு அனுப்புவது எல்லாம் என் தலையில்தான் விழும். ஒரு படத்தில் எனக்குக் கிடைத்தவர்கள் 310 பேர். திரையில் அவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேராகத் தெரிய வேண்டும். கணினி வேலைக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

தரை சமதளம். கேமரா கிரேனில் 10 மீட்டர் உயரத்தில். முதல் வரிசை கேமராவிலிருந்து 40 மீட்டர் தள்ளி. ஒரு மனிதன் நின்றால் அவன் உடம்பு தனக்குப் பின்னால் கொஞ்சம் தரையை மறைக்கும் அல்லவா, அந்த மறைப்புதான் எங்களுக்கு மூலதனம். எவ்வளவு மறைக்கும் என்று கணக்குப் போடலாம். அவன் உயரத்தைத் தூரத்தால் பெருக்கி, கேமரா அவன் தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். தலைப்பாகையைச் சேர்த்து 1.7 மீட்டர் என்று வையுங்கள். 40-ஆல் பெருக்கி 8.3-ஆல் வகுத்தால் 8 மீட்டருக்குச் சற்று மேல் வரும்.

அதாவது முதல் வரிசைக்குப் பின்னால் 8 மீட்டர் வெறும் தரையாகக் கிடந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. இரண்டாவது வரிசையை 48 மீட்டரில் நிறுத்தினேன். தூரம் கூடக் கூட மறைப்பும் கூடும் என்பதால் மூன்றாவது 58 மீட்டரில், நான்காவது 70 மீட்டரில். பின்னால் போகப் போக ஃபிரேம் அகலமாகும், ஆட்களும் அதிகம் வேண்டும். 50, 60, 70, 90 என்று நின்றார்கள், தோளோடு தோள். மொத்தம் 270 பேர். நான்காவது வரிசை மறைப்பதையும் சேர்த்தால் 84 மீட்டர் வரை தரையே தெரியாது. அத்தனை ஆழத்தையும் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசையாக உண்மையிலேயே நிரப்பியிருந்தால் இரண்டாயிரம் பேருக்கு மேல் வேண்டியிருக்கும்.

மானிட்டரில் பார்த்தோம். படை நின்றது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நாணல் | மார்ச் 5, இரவு 9.58

மீதியையும் சொல்லிவிடுகிறேன், சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

இயக்குநர் ஷாட் ஓடும்போதே கிரேனை உயர்த்தச் சொன்னார். 10 மீட்டரிலிருந்து 14 மீட்டருக்கு. நான்கு மீட்டர்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். 14 மீட்டரில் முதல் வரிசை மறைக்கும் தரை ஐந்தரை மீட்டர்தான். பின்வரிசை நிற்பதோ 8 மீட்டர் தள்ளி. இடையில் இரண்டரை மீட்டர் வெறும் மண் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் அப்படியே. கிரேன் ஏற ஏற, மானிட்டரில் படை உழுத வயலாக மாறியது. மேடு, சால், மேடு, சால். ஒளிப்பதிவாளர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

இதே தூரத்துக்கு 30 மீட்டர் உயரத்தில் ட்ரோன் பறந்தால் ஒரு மனிதன் மறைக்கும் தரை இரண்டரை மீட்டருக்கும் குறைவு. கேமரா செங்குத்தாகக் கீழே பார்த்தால் பூஜ்யம். அங்கே எந்தத் தந்திரமும் செல்லாது, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஆள் வேண்டும். ஏட்டுச்சுவடி பார்த்த மேலிருந்து எடுத்த ஷாட் எவ்வளவு உயரம் என்று கேட்டது இதற்காகத்தான்.

ஏட்டுச்சுவடி | மார்ச் 5, இரவு 11.30

ரொம்ப உயரம். கோட்டைக் கொடி காலடியில் தெரிந்தது.

ஆனால் அங்கே தரை தெரியவில்லையே நாணல், கணினியில் அடர்த்தியாகவே நிரப்பியிருந்தார்கள். இடைவெளி இல்லாமலும் அது பொய்யாக இருந்தது. உங்கள் கணக்கு ஆள் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறது. ஆள் நிறைய இருந்தும் ஏன் பொய்த்தது என்று சொல்லவில்லை.

அது இருக்கட்டும், உழுத வயலை எப்படிச் சரிசெய்தீர்கள்?

கடற்குதிரை | மார்ச் 6, காலை 7.10

புகை போட்டிருப்பார்கள். எப்போதும் புகைதான்.

ஒன்று சொல்கிறேன். துணை நடிகர்களை வைத்துக்கொண்டு மாரடிப்பதைவிட உண்மையான ராணுவத்தைக் கேட்டு வாங்கிவிடலாம். பந்தர்ச்சுக் ‘வாட்டர்லூ’ படத்துக்குச் சோவியத் படையிலிருந்து பதினைந்தாயிரத்துக்கு மேல் காலாட்படையும் இரண்டாயிரம் குதிரை வீரர்களும் வாங்கினார். 1970-இல் வந்த படம். அணிவகுக்கத் தெரிந்தவன் அணிவகுத்தால்தான் படை. அதனால்தான் அது இன்றும் நிற்கிறது.

நாணல் | மார்ச் 6, காலை 9.25

புகை போடவில்லை, காற்று எதிர்த்திசையில் அடித்தது.

வரிசையைக் கலைத்தேன். அவ்வளவுதான். 270 பேரையும் அவரவர் இடத்திலிருந்து இரண்டடி முன்னால், மூன்றடி பின்னால் என்று மனம்போல் நகரச் சொன்னேன். நேர்கோட்டு இடைவெளிகள் உடைந்து திட்டுத்திட்டாக ஆகின. மீதி 40 பேரை இடைவெளிகளுக்குள் குறுக்கே நடக்கவிட்டேன். ஒருவன் தண்ணீர்த் தோல்பை, ஒருவன் அம்புக் கட்டு, இரண்டு பேர் ஒரு காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு. கிரேன் 14 மீட்டருக்கு ஏறியது. தரை இப்போதும் தெரிந்தது. ஆனால் அது ஆட்கள் நடமாடும் வழியாகத் தெரிந்தது. இடைவெளியை யாராவது பயன்படுத்தினால் அது குறையாகத் தெரிவதில்லை.

முதலில் எடுத்த ஒழுங்கான ஷாட்டையும் இதையும் தொகுப்பில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கலைந்ததில்தான் ஆள் அதிகம் இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். ஆள் அதே 310.

‘வாட்டர்லூ’ பற்றி: அணிவகுப்பு ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்துக்கு உக்ரைனில் குன்றுகளை வெட்டிச் சமப்படுத்தினார்கள், ஆயிரக்கணக்கான மரங்களைப் பெயர்த்து நட்டார்கள், பயிர் விதைத்தார்கள், நிலத்தடியில் குழாய் பதித்துத் தரையைச் சேறாக்கினார்கள். படை நடந்தால் மண் பதில் சொல்லும். மேலிருந்து சதுர அணிகளைக் காட்டும் காட்சியை மறுபடி பாருங்கள். குதிரைகள் சுற்றிச் சுழலும்போது அந்தச் சதுரங்களின் விளிம்பு வளைந்து நெளிகிறது. அளவுகோல் வைத்த சதுரம் அல்ல அது. நீங்கள் ஒழுங்கைப் புகழ்கிறீர்கள். என் கண்ணுக்கு அங்கே பிடிப்பது ஒழுங்கு குலையும் இடம்.

மூன்றாம்வரிசை | மார்ச் 6, மாலை 4.45

நான் கூட்டத்தில் நின்றவன். அதனால் எழுதுகிறேன்.

ஒரு முற்றுகைக் காட்சி. முதல் நாள் எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொடி அசைந்தால் கத்து, மறுபடி அசைந்தால் ஓடு. கையில் ரப்பர் ஈட்டி. வெயிலில் தலைக்கவசத்தின் உள்ளே பசை உருகி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்துக் கத்துகிறோம் என்றே தெரியாமல் கத்தினோம். பக்கத்தில் நின்றவர் கத்தும்போது வாயை மட்டும் திறந்தார்.

இரண்டாம் நாள் வேறோர் உதவி இயக்குநர் வந்தார். அவரும் எங்களைப் போலவே உடுத்திக்கொண்டு, வாக்கிடாக்கியைக் கேடயத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே நின்றார். எங்கள் பத்துப் பேரிடம் மட்டும் சொன்னார்: அந்த ஏணி உங்களுடையது, ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும் நால்வரில் யார் விழுந்தாலும் அடுத்தவன் போய்ப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேமரா எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை. ஏணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் நான் தெரியவில்லை, ஏணி தெரிகிறது. ஆடாமல் போய்ச் சுவரில் சாய்கிறது.

ஏட்டுச்சுவடி | மார்ச் 6, இரவு 10.10

மூன்றாம்வரிசை எழுதியதை மூன்று முறை படித்துவிட்டேன்.

காந்தி ஊர்வலத்துக்கே திரும்புகிறேன். 1981 ஜனவரி 31 அன்று எடுத்தார்கள், உண்மையான ஊர்வலம் நடந்து சரியாக 33 வருடம் கழித்து, தில்லியில் அதே பாதையில். கின்னஸ் பதிவு மூன்று லட்சம் பேருக்கு மேல் என்கிறது. பதினொரு கேமராக் குழுக்கள். திரையில் வருவது இரண்டு நிமிடம் சொச்சம். வந்தவர்களில் பெரும்பகுதியினர் தாமாக வந்தவர்கள். அவர்களுக்கு யார் போய் ஏணி கொடுத்தார்கள்? தேவைப்படவில்லை. என்ன நடக்கிறது, தாம் எதற்காக நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும். நான் உண்மை மனிதர் என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன், சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

கடற்குதிரை | மார்ச் 7, காலை 7.30

அப்படியானால் பொம்மைகள்? ‘கான் வித் த விண்ட்’ படத்தில் ரயில் நிலையத்தில் காயம்பட்ட வீரர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடப்பார்கள். அதில் நூற்றுக்கணக்கில் பொம்மைகள். பொம்மைக்கு என்ன நோக்கம் இருந்தது? யாரும் குறை சொன்னதில்லையே.

நாணல் | மார்ச் 7, காலை 8.15

நல்ல கேள்வி. ஏறக்குறைய 800 மனிதர்கள், அதே அளவு பொம்மைகள். கட்டடம் கட்டும் பெரிய கிரேனைக் கொண்டுவந்து, அது அதிராமல் பின்வாங்குவதற்காகக் கான்கிரீட் சரிவுப்பாதை போட்டு எடுத்தார்கள். 1939-இல்.

என் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். படுத்திருப்பவனின் உயரம் ஓர் அடிதான். உயரத்திலிருந்து பார்த்தால் அவனுக்குப் பின்னால் மறையும் தரை மிகக் குறைவு. ஆகவே அந்த ஷாட்டில் ஏமாற்ற வழியில்லை, தரை முழுக்க உடல்கள் வேண்டும். அதே சமயம் படுத்திருப்பவன் அசைய வேண்டியதில்லை, ஆகவே பொம்மை போதும். அதையும் சும்மா விடவில்லை, பொம்மைகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த மனிதர்கள் அவற்றை அசைத்துக்கொடுத்தார்கள். நிற்கும் கூட்டத்தில் இதைச் செய்ய முடியாது.

அந்தக் காட்சியில் நம் கண் பொம்மையைத் தேடாததற்கு இன்னொரு காரணம், அவர்களுக்கு நடுவே ஒரு பெண் ஒருவரைத் தேடிக்கொண்டு நடக்கிறாள். அவளை விட்டுக் கண் நகராது.

ஒலிவாங்கி | மார்ச் 7, இரவு 8.50

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒலிப்பதிவில் இருப்பவள், காதைப் பற்றிச் சொல்கிறேன்.

‘ஸ்பார்டகஸ்’ படத்துக்குக் கூட்டத்தின் முழக்கம் வேண்டியிருந்தது. ஸ்டுடியோவில் ஐம்பது பேரைக் கத்தவைத்து அடுக்கினால் ஐம்பது பேர் அடுக்கிய மாதிரிதான் கேட்கும். அவர்கள் 1959-இல் மிச்சிகனில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குப் போய், அரங்கில் இருந்த 76,000 பேரைக் கத்தச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். பெரிய கூட்டத்தில் முழக்கம் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் அடங்குவதில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். முன்னால் நிற்பவன் கத்தியதைக் கேட்டுப் பின்னால் இருப்பவன் கத்தினால், அதற்குள் முன்னவன் பாதி முடித்திருப்பான். அந்த இழுபறிதான் காதுக்கு அளவைச் சொல்கிறது.

ஏட்டுச்சுவடி, உங்கள் பத்தாயிரம் பேர் எதையாவது கேட்டுத் திரும்புகிறார்களா? திரும்பும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி | மார்ச் 8, பகல் 12.40

பார்த்தேன். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன்.

தளபதி முன்வரிசைக்கு எதிரே குதிரையில் நின்று ஒரு சொல் கத்துகிறான். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை, குத்துமதிப்பாக 400 மீட்டர் ஆழம் இருக்கும், அத்தனை பேரும் 8 ஃபிரேமுக்குள் ஈட்டியை உயர்த்திவிட்டார்கள். மூன்றில் ஒரு நொடி. ஒலிவாங்கி சொல்லும் கணக்கில் கடைசி வரிசைக்கு அவன் குரல் போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகும் பாதிப் பேருக்கு என்ன சொன்னான் என்று கேட்டிருக்காது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் கையைத் தூக்கியிருப்பார்கள். யாருமே பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். படையின் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி முடிகிறது. குதிரைக்காரன் இல்லை, வண்டி இல்லை, ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கட்டுபவன் ஒருவன்கூட இல்லை.

முதல் பதிவில் கணினியைக் குற்றம் சொன்னேன். அதை மாற்றிக்கொள்கிறேன். தாமதத்தைக் கணினியிலும் வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

நாணல் | மார்ச் 8, பகல் 2.00

வைக்கலாம். ஒவ்வோர் உருவமும் தன்னைச் சுற்றி இருப்பதைப் பார்த்து முடிவெடுக்கும்படி செய்யும் மென்பொருள் இருபது வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. ஆனால் தாமதம் வைத்தால் சோம்பேறிப் படை மாதிரி இருக்கிறது, எல்லோரும் ஒன்றாகத் தூக்கட்டும் என்று கேட்கும் இயக்குநர்களையும் பார்த்திருக்கிறேன்.

படப்பிடிப்பிலும் இதே தவறு நடக்கும். கூட்டம் நெடுக ஒலிபெருக்கி வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குரல் கேட்கும், 300 உண்மையான மனிதர்களும் பொம்மைகளாகிவிடுவார்கள். நான் பின்வரிசைக்கு ஒலிபெருக்கியே வைப்பதில்லை. முன்னால் இருப்பவன் ஓடினால் ஓடு என்று மட்டும் சொல்வேன்.

கடற்குதிரை | மார்ச் 8, பகல் 2.26

ஆனால் பயிற்சி பெற்ற படை முரசுக்கு ஒன்றாக ஈட்டியைத் தூக்கத்தான் செய்யும். அதற்குத்தானே பயிற்சி? எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே விதி போடாதீர்கள்.

ஒலிவாங்கி | மார்ச் 8, மாலை 6.15

முரசின் ஒலியும் நொடிக்கு அதே 340 மீட்டர்தான்.

நாணல் | மார்ச் 8, இரவு 9.05

கடற்குதிரை சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். அரசவை அணிவகுப்பில் ஒழுங்கே மிரட்டல். அங்கே ஓர் ஆள் தாமதித்தால் கண் அவன்மேல் போய் உட்காரும். எவ்வளவு ஒழுங்கு வேண்டும், எங்கே குலைய வேண்டும் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. தரை மறைப்புக்கு மட்டும்தான் கணக்கு இருக்கிறது.

இளந்தளிர், உங்களை மறந்துவிடவில்லை. மேடைக்கும் அதே விதி, முன்னிருக்கைக்காரரின் கண் உங்கள் நடிகர்களின் நெஞ்சு உயரத்துக்குக் கீழே இருந்தால் எட்டுப் பேர் நின்றாலே பின்னால் எதுவும் தெரியாது. மாடியில் இருக்கை உண்டா?

இளந்தளிர் | மார்ச் 8, இரவு 9.48

உண்டு ஐயா. பாதிப் பேர் மாடியில்தான்.

மூன்றாம்வரிசை | மார்ச் 8, இரவு 10.20

அப்படியானால் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுங்கள். ஏணி இருந்தால் ஏணி.